முதல்ல இடம், அப்புறம் வைஃபை, கடைசியா தான் ஜிக்பீ சேனல்

"சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஜிக்பீ சென்சார்ல பாதி ஆஃப்லைன் ஆயிடுது, லைட் ஒரு தடவ சொன்னா கேக்க மாட்டேங்குது, காலைல பாத்தா எல்லாம் நல்லா இருக்கு. டாங்கிள ராஸ்பெர்ரி பை-லயே நேரா குத்தி ரவுட்டர் பக்கத்துல வச்சிருக்கேன், ஜிக்பீ சேனல் 11, வைஃபை ஆட்டோ. சேனல மாத்தினா போதுமா, இல்ல டாங்கிள வேற எங்கயாச்சும் கொண்டு போகணுமா?"

டாங்கிள, அதாவது சென்சார்களோட ஜிக்பீ ரேடியோல பேசுற அந்த யூஎஸ்பி குச்சிய, கண்டிப்பா நகத்தணும். சேனல் விஷயம் அதுக்கு அப்புறம் தான், அதுலயும் நீங்க மாத்த வேண்டியது ஜிக்பீ சேனலாவே இருக்காம போகலாம். நான் கோயம்புத்தூர்ல ஒன்பது வருஷமா வீடுகளுக்கு நெட்வொர்க் கேபிளிங்கும் ஆட்டோமேஷனும் போட்டு குடுக்குறேன், இந்த பிரச்சினையோட வர்றவங்கள்ல நிறைய பேர் முதல் வேலையா ஜிக்பீ சேனல மாத்திட்டு தான் வர்றாங்க. மாத்தினதும் ரெண்டு நாள் சரியான மாதிரி இருக்கும், மூணாவது நாள் பழைய கதை, அதுக்குள்ள பாதி சென்சார மறுபடி டாங்கிளோட இணைச்சு பேரிங் பண்ண வேண்டி வந்து வெறுத்து போயிருப்பாங்க. டாங்கிள் இரைச்சலுக்கு நடுவுல உக்காந்திருக்கும்போது எந்த சேனல் நல்ல சேனல்னு உங்களால கண்டுபிடிக்கவே முடியாது, அதனால தான் வரிசை முக்கியம்னு சொல்றேன்.

ஏன்னு சொல்லிடறேன். ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசைல தான் ஓடுது. கல்யாண மண்டபத்துல மேளக்காரங்க பக்கத்துல நின்னு போன்ல பேசுறத நினைச்சு பாருங்க, நீங்க கத்தினா எதிர்ல இருக்கறவருக்கு கேக்கலாம், ஆனா அவர் சொல்றது உங்க காதுல விழாது. ரவுட்டர் பக்கத்துல இருக்கற டாங்கிளோட நிலைமை இதே தான். பட்டன் செல்லுல ஓடுற ஒரு டோர் சென்சார் ரெண்டு சுவர் தாண்டி அனுப்புற சின்ன சிக்னல அது கேக்கணும், ஆனா ஒரு ஜாண் தூரத்துல ரவுட்டர் அதவிட பல மடங்கு பலமா பேசிட்டு இருக்கு. இங்க தான் ஒரு தப்பு நடக்கும், டாங்கிளோட டிரான்ஸ்மிட் பவர 20 வரைக்கும் ஏத்தி விட்டுடுவாங்க. அது டாங்கிள் கத்துறத தான் கூட்டும், காது கேக்குறத கூட்டாது. நீங்க சொல்ற மாதிரி சென்சார் ஆஃப்லைன் ஆகுறது காது பிரச்சினை, அதுக்கு பவர் மருந்து இல்ல.

இன்னொரு விஷயம், ஜிக்பீ ரொம்ப மரியாதையான ஆளு. பேசறதுக்கு முன்னாடி காத்து காலியா இருக்கான்னு கேட்டு பாக்கும், யாராச்சும் பேசிட்டு இருந்தா கொஞ்சம் பொறுத்து மறுபடி பாக்கும், சில தடவ பாத்தும் இடம் கிடைக்கலன்னா அந்த மெசேஜையே கைவிட்டுடும். வைஃபையும் இதே மாதிரி கேட்டு தான் பேசும், ஆனா ஜிக்பீயோட மெல்லிசான சிக்னல் பல நேரம் அதுக்கு தெரியவே தெரியாது, அதனால அது பாட்டுக்கு பேசிட்டு போகும். ராத்திரி டிவில படம், பசங்க போன்ல வீடியோன்னு 2.4 நிறைஞ்சு ஓடும்போது ஜிக்பீக்கு இடைவெளி கிடைக்காது. காலைல சரி, சாயங்காலம் மோசம்ங்கறது இதோட முகம் தான், உங்க கேள்விலயே பாதி பதில் இருக்கு.

ஆனாலும் ஊகத்துல வேலைய ஆரம்பிக்காதீங்க, லாக்க பாருங்க. ஜிக்பீ கருவிகள கட்டுப்படுத்த நீங்க Zigbee2MQTT சாஃப்ட்வேர ஓட்டிட்டு டாங்கிள்ல டெக்சாஸ் சிப் இருந்தா, லைட் கேக்காத நேரத்துல இந்த ரெண்டுல எது வருதுன்னு தேடுங்க, பதிப்ப பொறுத்து எழுத்து கொஞ்சம் வேற மாதிரி இருக்கலாம்.

```
'MAC channel access failure' (225)
'MAC no ack' (233)
```

225 வந்தா டாங்கிளுக்கு பேசவே இடம் கிடைக்கல, அது இருக்கற இடத்துலயே காத்து நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம். 233 வந்தா டாங்கிள் பேசிடுச்சு, ஆனா பதில் திரும்பி வரல. பதில் வராததுக்கு தூரம் காரணமா இருக்கலாம், அந்த பல்ப சுவர் ஸ்விட்ச்ல யாராச்சும் ஆஃப் பண்ணிருக்கலாம், இல்ல பதில் வரும்போது இரைச்சல்ல மூழ்கிருக்கலாம். அதனால 225 நல்ல சாட்சி, 233 பாதி சாட்சி தான். இதவிட நேரான சோதனை ஒண்ணு இருக்கு: ஒரே ஒரு சாயங்காலம் ரவுட்டர்ல 2.4-ஐ அணைச்சுட்டு 5 கிகாஹெர்ட்ஸ மட்டும் விட்டு பாருங்க. 5 கிகாஹெர்ட்ஸ் ஜிக்பீய தொடாது. அன்னிக்கு ராத்திரி எல்லாம் ஒழுங்கா ஓடினா குற்றவாளி உங்க வீட்டு வைஃபை தான். அன்னிக்கும் அதே மாதிரி விழுந்தா வேற ஏதோ இருக்கு, அந்த வேற ஏதோ நிறைய தடவ யூஎஸ்பி போர்ட்டா தான் இருக்கும்.

அத பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இது தான் அதிகம் பேருக்கு தெரியாம போகுது. யூஎஸ்பி 3 போர்ட், அந்த நீல கலர் போர்ட், அதுல ஒரு எஸ்எஸ்டியோ ஹார்ட் டிஸ்கோ வேலை செய்யும்போது அந்த போர்ட்டும் கனெக்டரும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில இரைச்சல வெளிய விடும். இன்டெல் நிறுவனமே 2012-ல இத அளந்து ஒரு அறிக்கையா போட்டுச்சு. வைஃபை மாதிரி ஒரு சேனல்ல மட்டும் இல்ல, அகலமா எல்லா சேனல்லயும் பரவி இருக்கும், அதனால ஜிக்பீ சேனல எங்க மாத்தினாலும் தப்பிக்க முடியாது. தப்பிக்கிற முக்கிய வழி தூரம்.

போன வருஷம் பீளமேட்டுல ஒரு அபார்ட்மெண்ட், மூணாவது மாடி. வயசான அம்மா ராத்திரி பாத்ரூம் போகும்போது வழியில லைட் தானா எரியணும்னு மகன் மோஷன் சென்சார் போட்டு வச்சிருந்தார். சில ராத்திரி எரியும், சில ராத்திரி எரியாது, அந்த அம்மா இருட்டுல சுவர தடவிட்டு போயிருக்காங்க. "அண்ணா, சேனல் நாலு தடவ மாத்திட்டேன், இப்ப 20-ல இருக்கு, அது தான் காலி இடம்னு படிச்சேன்"னு சொன்னார். டிவி ஷெல்ஃப்ல பாத்தேன், ராஸ்பெர்ரி பை 4, அதுல ஒரு நீல போர்ட்ல எஸ்எஸ்டி, பக்கத்து நீல போர்ட்ல டாங்கிள், அதுக்கு மேல ஒரு ஜாண் உயரத்துல ரவுட்டர். டாங்கிள எடுத்து ரெண்டு மீட்டர் யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிள்ல மாட்டி, கேபிள பை-ல இருக்கற கருப்பு போர்ட்ல போட்டு, டாங்கிள ஷெல்ஃப்ல இருந்து வெளிய கொண்டு வந்து சுவர்ல ஒரு ஆள் நெஞ்சு உயரத்துல நிக்க வச்சேன். சேனல தொடவே இல்ல. மோஷன் சென்சாரோட எல்க்யூஐ, அதாவது சிக்னல் எவ்வளவு நல்லா வருதுன்னு காட்டுற நம்பர், அதுவரைக்கும் முப்பதுல தடுமாறிட்டு இருந்தது, அன்னிக்கு சாயங்காலமே தொண்ணூறுக்கு மேல வந்து நின்னுச்சு. எல்க்யூஐ நம்பர சிப்புக்கு சிப்பு வேற மாதிரி கணக்கு போடுவாங்க, அதனால ஒரே கருவிய முன்னாடி பின்னாடின்னு ஒப்பிட மட்டும் வச்சுக்குங்க, பக்கத்து வீட்டுக்காரர் நம்பரோட ஒப்பிடாதீங்க.

எவ்வளவு தூரம் வேணும்னு கேட்டா, ரவுட்டர்ல இருந்து ஒரு மீட்டர் குறைஞ்சபட்சம், ரெண்டு மூணு மீட்டர் கிடைச்சா நிம்மதி. தடுப்பு இல்லாத இடத்துல தூரம் பத்து மடங்கானா வந்து சேர்ற சக்தி நூத்துல ஒண்ணாயிடும், அதாவது 20 சென்டிமீட்டர்ல இருந்த டாங்கிள 2 மீட்டர் தள்ளினா ரவுட்டரோட அடி 20 டெசிபல் குறையும். முதல் ரெண்டு மீட்டர்ல கிடைக்குற லாபம் அதுக்கப்புறம் கிடைக்காது, அதனால அஞ்சு மீட்டர் தள்ளுறேன்னு வீட்டு மூலைல கொண்டு போய் வைக்காதீங்க, சென்சார்களுக்கு தூரமாயிடும். வீட்டு நடுவுல, பீரோ பக்கத்துல இல்லாம, மின் டிபி பெட்டி பக்கத்துல இல்லாம, டிவிக்கு பின்னாடி இல்லாம. மீன் தொட்டி இருந்தா அதுக்கும் பின்னாடி வேண்டாம், தண்ணி இந்த அலைவரிசைய நல்லா குடிச்சுடும். ஆன்டெனா குச்சி நேரா மேல பாத்து நிக்கட்டும், அப்ப சிக்னல் சுத்தி பக்கவாட்டுல பரவும், குச்சி நுனி பாக்குற திசைல தான் குறைச்சலா போகும். மாடி வீடா இருந்து டாங்கிளுக்கு நேர் மேல ஒரு ரூம்ல மட்டும் சென்சார் தகராறு பண்ணா இத ஞாபகம் வச்சுக்குங்க. ஹால்ல வைக்கவே இடமில்ல, பை டிவி ஷெல்ஃப்ல தான் இருக்கும்னா, டாங்கிள் வேலையவே செய்யுற, லேன் கேபிள்ல ஓடுற கோஆர்டினேட்டர் கிடைக்குது, அத வீட்டு நடுவுல எங்க வேணும்னாலும் கொண்டு போகலாம். அதையே வைஃபைல ஓட்டுறத மட்டும் நான் யாருக்கும் சொல்றதில்ல, எதோட சண்டை போடுறோமோ அதையே நம்பி ஓட்டுற மாதிரி ஆயிடும்.

அடுத்தது வைஃபை. பீளமேடு வீட்டுல டாங்கிள நகத்தினதும் நிறைய சரியாச்சு, ஆனா ராத்திரி ஒம்போது மணிக்கு மேல லாக்ல 225 இன்னும் எட்டி பாத்துட்டு இருந்தது. ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்த திறந்து பாத்தா வைஃபை சேனல் 6, அகலம் 20/40 ஆட்டோ. இங்க தான் விஷயம். வைஃபை 6 வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல 2427-ல ஆரம்பிச்சு 2447-ல முடியும். ஜிக்பீ 20 நிக்கறது 2450-ல, அதோட அகலம் 2 மெகாஹெர்ட்ஸ் தான், அதனால வைஃபை 6-க்கும் 11-க்கும் நடுவுல இருக்கற சந்துல கரெக்டா உக்காரும். அவர் படிச்சது தப்பில்ல. ஆனா அந்த ரவுட்டர் 40-க்கு விரிஞ்சு மேல் பக்கமா 2467 வரைக்கும் போயிட்டு இருந்தது, சந்துன்னு நினைச்ச இடம் நடுரோடு ஆயிடுச்சு. வைஃபைய சேனல் 1-ல நிறுத்தி, அகலத்த 20-ன்னு பூட்டினேன், அது 2422-லயே முடிஞ்சுடும். டிவிய லேன் கேபிள்ல போட்டோம், போன் லேப்டாப் எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு போச்சு. அதோட 225 நின்னுடுச்சு. ஜிக்பீ சேனல் கடைசி வரைக்கும் 20 தான், மாத்தவே இல்ல. அவர் நாலு தடவ பேரிங் பண்ணினது எதுவும் தேவையே இல்லாத உழைப்பு, அத நினைச்சா எனக்கு இன்னும் வருத்தம் தான்.

உங்களுக்கு வைஃபை ஆட்டோல இருக்குன்னு சொல்றீங்க, அத இன்னிக்கே நிறுத்துங்க. ஜிக்பீ ஒரு சேனல்ல உக்காந்தா நாம சொல்ற வரைக்கும் அங்கயே இருக்கும், வைஃபை ஆட்டோ அப்படி இல்ல, ஒவ்வொரு தடவ ஆன் ஆகும்போதும் புதுசா இடம் தேடும். நம்ம ஊர்ல கரண்ட் போய் வந்தா, இன்வெர்ட்டர்ல இல்லாத ரவுட்டர் மறுபடி எழுந்து வேற சேனல்ல போய் உக்காந்துடும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்தது சார், நான் எதையும் தொடல"ன்னு சொல்ற வீடுகள்ல நான் முதல்ல கேக்குறதே நேத்து கரண்ட் போச்சான்னு தான். மெஷ் வைஃபை வச்சிருந்தா இன்னும் கவனம், சில மாடல்ல சேனல கையால பூட்டவே விட மாட்டாங்க, அப்படின்னா ஆப்ல சேனல் என்னன்னு அடிக்கடி பாத்துக்கறத தவிர வழி இல்ல.

இப்ப தான் சேனல் கணக்கு. நீங்க இருக்கற ஜிக்பீ 11 நிக்கறது 2405-ல, வைஃபை 1 2402-ல இருந்து 2422 வரைக்கும், அதாவது ரவுட்டர் 1-ல வந்து உக்காந்த அன்னிக்கெல்லாம் உங்க ஜிக்பீ அதுக்கு அடியில மாட்டிக்கும். Zigbee2MQTT புதுசா போட்டா தானா 11-ல தான் ஆரம்பிக்கும், அதனால இது உங்க தப்பு இல்ல. உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வைஃபைய 11-ல பூட்டிட்டு ஜிக்பீய இருக்கற இடத்துலயே விடுறது. வைஃபை 11 ஆரம்பிக்கறதே 2452-ல, நடுவுல 45 மெகாஹெர்ட்ஸுக்கு மேல இடைவெளி. போனும் டிவியும் ரவுட்டர் எந்த சேனலுக்கு போனாலும் தானா பின்னாடி வந்துடும், ஒண்ணையும் மறுபடி பேரிங் பண்ண வேண்டாம். வைஃபைய நகத்துறது ஈசி, ஜிக்பீய நகத்துறது கஷ்டம், அதனால முதல்ல இத தான் செஞ்சு பாக்க சொல்லுவேன். ஒரே தடங்கல் பக்கத்து வீட்டு வைஃபை 1-ல பலமா இருந்தா தான். போன்ல ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு டாங்கிள் இருக்கற இடத்துல நின்னு பாருங்க, 1-ல வர்ற அந்நிய வைஃபை மைனஸ் 80-க்கு கீழ, மைனஸ் 85, 90-ன்னு பலவீனமா இருந்தா பெருசா கண்டுக்க வேண்டாம், மைனஸ் 60-ன்னு காட்டினா யோசிக்கணும்.

ரெண்டாவது வழி, வைஃபைய 1-ல பூட்டி ஜிக்பீய 25-க்கோ 20-க்கோ கொண்டு போறது. 25 நிக்கறது 2475-ல, வைஃபை 11 முடியறத தாண்டி. 26 இன்னும் தள்ளி இருக்கே, அங்க போலாமேன்னு தோணும், ஆனா அது பட்டையோட விளிம்புல இருக்கறதால சில கருவிகள் அங்க பவர குறைச்சுக்கும், சிலது அந்த சேனலுக்கு வரவே வராது, வேண்டாம். 11, 15, 20, 25 இந்த நாலும் பல்பு கம்பெனிகள் ஆரம்பத்துல இருந்தே வழக்கமா வச்சிருக்கற சேனல், அதுக்குள்ளயே இருங்க. இந்தியால வைஃபை 12, 13-ம் நடைமுறைல உண்டு, பக்கத்து வீட்டு ரவுட்டர் 13-ல இருந்தா அது 25 மேலயும் வந்து உக்காரும், அப்படின்னா 20 தான்.

எந்த சேனல் காலின்னு டாங்கிளையே கேக்கலாம். Zigbee2MQTT-க்கு பதிலா ஹோம் அசிஸ்டன்ட்ல ZHA வச்சிருந்தா அதோட டயக்னாஸ்டிக்ஸ் ஃபைல டவுன்லோட் பண்ணா `energy_scan`-ன்னு 11-ல இருந்து 26 வரைக்கும் நம்பர் இருக்கும், கம்மியா இருந்தா நல்லது. ஆனா இத ரெண்டு எச்சரிக்கையோட படிங்க. அது ஒரு கண நேரத்து படம், காலைல பத்து மணிக்கு எடுத்தா எல்லாமே காலியா தெரியும், உங்க பிரச்சினை ராத்திரி தான் வருதுன்னா ராத்திரி எட்டரைக்கு டிவி ஓடும்போது நாலஞ்சு தடவ எடுங்க. அப்புறம், அது டாங்கிள் இருக்கற இடத்தோட கதை மட்டும் தான், கடைசி ரூம் ஜன்னல்ல இருக்கற சென்சாருக்கு எதிர் வீட்டு ரவுட்டர் பக்கமா இருக்கலாம், அது இதுல தெரியாது. டாங்கிள நகத்தறதுக்கு முன்னாடி எடுத்தா எல்லா சேனலும் ஒரே மாதிரி உசரமா இருக்கலாம், அப்படி பாத்தீங்கன்னா யூஎஸ்பி இரைச்சல சந்தேகப்படுங்க.

ஜிக்பீய மாத்தியே ஆகணும்னா, முதல்ல பேக்கப் எடுங்க. வீட்டுல எல்லா ஸ்மார்ட் பல்பும் பிளக்கும் சுவர் ஸ்விட்ச்ல ஆன்ல இருக்கான்னு ஒரு சுத்து சுத்தி பாருங்க, மாறப்போறோம்ங்கற செய்தி அதுங்க வழியா தான் பரவும். அப்புறம் Zigbee2MQTT-யோட `configuration.yaml` ஃபைல்ல இது.

```yaml
advanced:
  channel: 25
```

சேவ் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. புது பதிப்புகள்ல கரண்ட்ல ஓடுற கருவிகள் பெரும்பாலும் தானா வந்துடும். பேட்டரி சென்சார்கள் தூங்கிட்டு இருக்கறதால செய்திய கேட்டிருக்காது, தன்னோட பழைய இணைப்பு போச்சுன்னு தெரிஞ்சு மறுபடி தேடி வரணும், அதுக்கு சிலது சில மணி நேரம், சிலது ஒரு நாள் எடுத்துக்கும். அவசரப்பட்டு டெலீட் பண்ணாதீங்க, மறுநாளும் வராதத மட்டும் பட்டன ஒரு தடவ அழுத்தி எழுப்பி பாருங்க, அதுக்கும் வரலன்னா பேரிங். ரெண்டு மூணு பேரிங் வேண்டி வரும்னு மனசுல வச்சுட்டு ஞாயித்துக்கிழமை காலைல செய்யுங்க, ராத்திரி வேண்டாம்.

இதெல்லாம் செஞ்சும் ஒரே ஒரு சென்சார் மட்டும், காலை ராத்திரின்னு இல்லாம எப்பவும் தகராறு பண்ணினா அது இரைச்சல் இல்ல, நடுவுல கைமாத்தி விட ஆள் இல்லாத பிரச்சினை, வழியில கரண்ட்ல ஓடுற ஒரு ஜிக்பீ பிளக் போடணும், அதுவும் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கற பிளக் பாயிண்ட்ல. உங்க வீட்டு சுவரு எப்படி, ரவுட்டர் எந்த மூலைன்னு பாக்காம இதுக்கு மேல என்னால சொல்ல முடியாது. எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு, வைஃபைய 11-லயும் 20 அகலத்துலயும் பூட்டிட்டு, ஜிக்பீய தொடாம நாலு சாயங்காலம் விடுங்க. லாக்ல 225 எத்தன தடவ வந்ததுன்னும், அனலைசர்ல 1-ல என்ன காட்டுதுன்னும் இங்கயே போடுங்க, 25-க்கு போகணுமா வேண்டாமான்னு அத வச்சு பாத்துக்கலாம்.